பொதுத் தகவல் அலுவலர்களே, பக்க எண்ணையும் லிங்கில் சேருங்கள்

அன்புள்ள பொதுத் தகவல் அலுவலர்களுக்கு,

வணக்கம். எழுதப் படிக்கத் தயங்குகிறவர்களுக்குத் தகவல் உரிமை மனு எழுதிக் கொடுப்பவன் நான். அண்மையில் ஒரு பெரியவர், தம் ஊர் ஏரிக்குக் கரை பலப்படுத்த ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்டிருந்தார். 28-ஆம் நாள் பதில் வந்தது: "தாங்கள் கோரிய தகவல் இணையதளத்தில் உள்ளது." கீழே ஒரு முகவரி. திறந்தால் 436 பக்க பிடிஎஃப்.

தேடலாமே என்பீர்கள். ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பு வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சானது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிற எழுத்து, கணினிக்கு வேறு ஏதோ குறிகள். ஸ்கேன் செய்த கோப்பென்றால் அதுவும் இல்லை, வெறும் படம். ஒரு மாலை முழுக்கப் புரட்டித்தான் அட்டவணையைப் பிடித்தேன்.

அந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்று பதில் எழுதியவருக்குத் தெரியும். அதை முகவரியின் கடைசியில் இப்படிச் சேர்த்திருக்கலாம் (உண்மையான முகவரியை மாற்றியிருக்கிறேன்):

```
https://example.org/arikkai.pdf#page=211
```

இதைச் சொடுக்கினால் பிரௌசர் நேராக 211-ஆம் பக்கத்தில் போய் நிற்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் கணினியில் இது வேலை செய்யும். புதிய வித்தையும் இல்லை, 2004-லேயே RFC 3778 என்ற இணைய ஆவணத்தில் எழுதி வைத்தாயிற்று. # குறிக்குப் பின்னால் வருவது உங்கள் சர்வருக்குப் போவதே இல்லை. பிரௌசர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கோப்பு வந்ததும் படித்துப் பார்க்கிறது. ஆகவே இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பதில் எழுதும் மேசையிலேயே முடிகிற காரியம்.

சறுக்குவது எண்ணில்தான். அந்த அட்டவணை இருந்த தாளின் அடியில் 187 என்று அச்சாகியிருந்தது. `#page=187` என்று போட்டேன், வேறெங்கோ போய் நின்றது. இந்த எண் தாளில் அச்சான எண் அல்ல. கோப்பின் முதல் பக்கத்தை ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வருவது. முன்னால் இரண்டு அட்டை, ரோமன் எண்ணிட்ட முன்னுரைப் பக்கங்கள் 20, ஆக 22. கூட்டி 209 போட்டேன். அப்போதும் இரண்டு பக்கம் முந்தியே நின்றது. நடுவில் எண்ணே போடாத இரண்டு வரைபடங்களைச் செருகியிருந்தார்கள்! சரியான எண் 211.

ஆகவே கணக்குப் போடாதீர்கள். வேண்டிய பக்கத்தில் நின்றுகொண்டு, குரோமில் மேலே உள்ள பெட்டியில் என்ன எண் தெரிகிறதோ அதை எடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ஒரு சிறு பொறி உண்டு: கோப்புக்குள் பக்கப் பெயர்களைப் பதிந்திருந்தால் பெட்டியில் 187 என்றே தெரியும், பக்கத்தில் அடைப்புக்குள் "211 of 436" என்றிருக்கும். அடைப்புக்குள் இருப்பதை எடுங்கள். பிறகு லிங்கைப் புதிய டேபில் ஒட்டி ஒருமுறை திறந்து பாருங்கள்.

திறந்ததும் 404 வந்தால் முகவரியை உற்றுப் பாருங்கள். சில மென்பொருள்கள் # குறியை `%23` ஆக மாற்றிவிடும். அப்போது அது கோப்புப் பெயரின் பகுதியாகி, அப்படியொரு கோப்பே இல்லை என்று சர்வர் கைவிரிக்கும். முகவரியில் ஏற்கெனவே `?v=2` மாதிரி ஏதாவது இருந்தால் # அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். திறக்காமல் நேரே டவுன்லோட் ஆகிறதென்றால், சர்வர் அப்படி அனுப்பச் சொல்லியிருக்கிறது (`Content-Disposition: attachment`). அங்கே இந்த உத்தி பலிக்காது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் கோப்பு இறங்கி வேறொரு செயலியில் முதல் பக்கத்தில்தான் திறக்கும். மனுதாரர்களில் நிறையப் பேர் கையில் இருப்பது போன்தான் என்பதால் இதைச் சாதாரணமாக விட முடியாது.

திருத்திய கோப்பைப் பழைய பெயரிலேயே ஏற்றினாலும் பக்கம் நகர்ந்துவிடும். நேற்றுச் சரியாக இருந்த லிங்க் இன்று வேறு ஒன்றியத்தின் அட்டவணையைக் காட்டும், படிப்பவர் அதையே உண்மை என்று நம்பவும் நம்புவார். திருத்தியதற்கு வேறு பெயர் வையுங்கள், பழையதையும் விட்டு வையுங்கள்.

உங்கள் பதில் பெரும்பாலும் காகிதத்தில், தபாலில் வருகிறது. அதில் சொடுக்க முடியாது, பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அதனால் லிங்குக்குக் கீழே இன்னொரு வரியும் வேண்டும்: "கோப்பில் 211-ஆம் பக்கம், தாளில் அச்சான எண் 187, வரிசை எண் 14."

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் ஒருவன்