கணக்கைச் சரிபார்த்த அந்த இளைஞருக்கு

எங்கள் விழாக்குழுவின் வசூல் கணக்கை எழுத வந்த இளம் கணக்காளருக்கு இந்த நன்றி. ரசீதுப்படி வர வேண்டிய ரொக்கத்தைவிடக் கையிருப்பு குறைவாக இருந்ததால், வீடுவீடாக வசூலித்த என்மீது சிலருடைய பார்வை திரும்பியிருந்தது.

தம்பி, உங்களிடம் கேட்டது கூட்டுத்தொகை மட்டுமே. நீங்களோ பதிவுகள் அனைத்தையும் ரசீது எண் வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்கள். 147 என்ற எண் ரொக்க வரவில் ஒருமுறையும், வங்கி வரவில் ஒருமுறையும் இருந்தது; பெயரும் தொகையும் ஒன்றே. ஒரே தொகையை இருவர் தருவது விழா வசூலில் சாதாரணம், ஆனால் ஒரே ரசீது எண் இருவருக்கு வராது என்றீர்கள்.

உடனே அடித்துவிடவும் இல்லை. எண் மாறி எழுதப்பட்டிருக்குமோ என்று 146, 148 ஆகியவற்றின் அடிக்கட்டைகளையும் புரட்டினீர்கள். 147இன் அடிக்கட்டை ஓரத்தில், வங்கிப் பரிமாற்ற எண்ணை நான் பென்சிலால் குறித்திருந்தது உங்கள் கண்ணில் பட்டது. நன்கொடையாளரை அழைத்து, அவர் ஒருமுறைதான், அதுவும் வங்கி வழியாகத்தான் செலுத்தினார் என்று உறுதிசெய்த பிறகே ரொக்கப் பதிவை ஒற்றைக் கோட்டால் நீக்கி, அருகில் காரணம் எழுதி, குழுவினர் இருவரிடம் கையொப்பம் வாங்கினீர்கள். குறைந்ததாகத் தெரிந்த பணம் அந்த ஒரு ரசீதின் தொகையேதான்.

யார்மீதும் குற்றம் சொல்லாமல், அடிக்கட்டையை என் முன்னால் திருப்பி வைத்து, "நீங்கள் குறித்து வைத்ததால்தான் தெரிந்தது, ஐயா" என்றீர்களே, அதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தத் தம்பியை அறிந்தவர்கள் அவரிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்.