ஆண்டறிக்கை: பூங்காத் தடுப்புச் சுவர் பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, தெருவிளக்கு, பூங்கா பராமரிப்பு விவரங்கள் பொருளாளர் அறிக்கையில் உள்ளன. இந்த ஆண்டு நம் நேரத்தையும் பணத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது பூங்காவின் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர்தான். அதனால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுவரின் உயரம் 2 மீட்டர். மழை ஓய்ந்த பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில், மேல் விளிம்பு 4 செ.மீ. வெளியே சாய்ந்திருந்தது. பின்பக்க மண்ணில் சுவருக்கு இணையாக ஒரு நீண்ட விரிசலும் ஓடியது. சுவரைத் தடிமனாகக் கட்டியிருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். பொறியாளர் கேட்டதோ வேறு: "மழையின்போது, சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் வீப் ஹோல் துளைகள் வழியாகத் தண்ணீர் வந்ததா?" வரவில்லை. மேலே மண் சேறாக இருக்க, துளைகள் மட்டும் காய்ந்து கிடந்தன. அதுவே அடைப்புக்கு அடையாளம்.

இவ்வளவு உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் வடிகால் உள்ள மணற்பாங்கான மண் ஏறக்குறைய 1.2 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் தேங்கினால் அது இரண்டரை டன்னைத் தாண்டிவிடும். சுவர் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும்போது பாரம் முழுக்க அஸ்திவாரத்தின் முன் விளிம்பில் இறங்குகிறது. அங்கே மண் ஈரத்தில் இளகியிருந்தால் அமுங்கும், சுவர் சாயும். மேலே விழுந்த விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும்.

சுவரின் பின்பக்கம் தோண்டிப் பார்த்தோம். ஜல்லியே இல்லை, களிமண்ணை நேராகச் சுவரோடு ஒட்டி நிரப்பியிருந்தார்கள். துளைக்குழாய்களின் வாயில் கலவையும் வேரும் அடைத்திருந்தன. குழாயைக் குத்திச் சுத்தம் செய்தால் போதாதா என்று செயற்குழுவில் கேட்டார்கள். போதாது. வடிகட்டி இல்லாத துளை வழியாகத் தண்ணீரோடு மண்ணும் வெளியேறி, பின்னால் பொந்து விழும், மேல்தளம் உள்வாங்கும்.

ஆகவே கோடையில், முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல், சிறு சிறு பகுதியாகப் பின்புறம் தோண்டினோம். அடியில் துளையிட்ட குழாயைச் சரிவாகப் பதித்து, அதன் மேல் 30 செ.மீ. அகலத்துக்குக் கழுவிய ஜல்லி நிரப்பினோம். மண் கலந்துவிடாதபடி ஜல்லியைச் சுற்றி வடிகட்டித் துணி விரித்தோம். வீப் ஹோல்களுக்கு 75 மி.மீ. பிவிசி குழாய், 1.5 மீட்டர் இடைவெளியில், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக வைத்தோம். ஜல்லியின் மேல் களிமண் மூடி போட்டதால் மேல்மழை நேரே உள்ளே இறங்காது. அப்புறம் முன்பக்கம் ஒரு சிமெண்ட் வாய்க்கால் அமைத்தோம். அது இல்லையென்றால், வடியும் நீரே அஸ்திவார முனையை இளக்கிவிடும்.

சாய்ந்த 4 செ.மீ. அப்படியேதான் இருக்கிறது. வடிகால் சுவரை நிமிர்த்தாது, மேலும் தள்ளாமல் காக்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை அதே குறியில் குண்டு விட்டு அளக்கிறோம், இதுவரை மாற்றமில்லை. அளவு கூடினால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டிவரும். அதற்கான முன் அனுமதியைப் பொதுக்குழு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்