வார்த்தை இல்லாமல் வந்த சுடோகு: நம் புதிர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

சென்ற ஞாயிறு காலை ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், பாதியில் நின்ற சுடோகுவைப் படமெடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. நான்கு நிமிடத்தில் நம்மில் ஒருவர் முழு விடையையும் போட்டுவிட்டார். மறுநாள் பழைய வண்ணாரப்பேட்டை டீக்கடையில் பார்த்தபோது பெரியவர், "எங்க தப்பு பண்ணேன்னு சொல்லியிருந்தா போதும்பா" என்றார்.

அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்திருந்தால் அவர் கேளாமலே இது நமக்குப் புரிந்திருக்கும். மொத்தம் 81 கட்டங்களில் அச்சில் வந்தவை 28, அவர் பேனாவால் நிரப்பியவை 36, காலி 17. சுடோகு நிரம்ப நிரம்ப எளிதாகும். இவ்வளவு நிரப்பிய பிறகும் ஒருவர் திணறினால் ஏதோ ஒரு எண் தவறாக விழுந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பத்துப் பதினைந்து கட்டத்தோடு நின்றிருந்தால் மட்டுமே அடுத்த படிக்கான குறிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே எண் இருமுறை வந்திருக்கிறதா என்று வரிசை, நெடுவரிசை, ஒன்பது கட்டப் பெட்டி மூன்றிலும் தேடினேன், எங்கும் இல்லை. அதனால் தவறு இல்லையென்று ஆகிவிடாது. ஆறாம் வரிசையில் ஆறு எண்களும் அச்சில் வந்தவை. 2, 5, 8ஆம் கட்டங்கள் காலி. வர வேண்டியவை 3, 4, 7. இரண்டாம் கட்டத்தில் 7 வராது, ஏனெனில் அந்த நெடுவரிசையின் அடியில் அச்சிலேயே 7 இருக்கிறது. ஐந்தாம் கட்டத்திலும் வராது, நடுப்பெட்டியில் அச்சு 7 இருக்கிறது. எஞ்சிய எட்டாம் கட்டத்தைத் தடுப்பது, அதே நெடுவரிசையில் இரண்டாம் வரிசையில் பெரியவர் தம் கையால் எழுதிய 7. அச்சு பொய் சொல்லாது என்பதால், தவறு அந்தக் கையெழுத்து 7தான்.

"ஆறாம் வரிசையில் 7 எங்கே உட்காரும் என்று பாருங்கள், ஐயா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சரிபார்த்ததாகவும் ஆகும், மீதியை அவரே போட்டும் முடிப்பார். அந்த 7ஐ நம்பிப் பிறகு எழுதிய எண்களும் சந்தேகத்துக்குரியவை. எதை முதலில், எதைப் பிறகு எழுதினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் அவற்றை அழிப்பதை அவரிடமே விட வேண்டும்.

படத்தில் அச்சும் கையெழுத்தும் பிரித்தறிய முடியாதபோதோ, 1ஆ 7ஆ என்று மயங்கும்போதோ தீர்ப்புச் சொல்லாமல் தெளிவான படம் கேளுங்கள். குறுக்கெழுத்து வேறு விஷயம்: தெரியாத ஊர்ப் பெயரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிடலாம்.

இனி இப்படிப் படம் வந்தால், "சரிபார்க்கவா, குறிப்பு வேண்டுமா?" என்று முதலில் கேளுங்கள். முழு விடையை, அவர் கேட்ட பிறகு அனுப்பலாம்.

இப்படிக்கு,
குழுவின் பழைய உறுப்பினன்