இருபது மாறிகளும் நாற்பது நோயாளர்களும்: ஆய்வேடு திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் பட்டப்பின் ஆய்வேடுகளைப் பார்வையிடும் மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் மாணவர்களின் தரவுகளைச் சரிபார்த்துக் கொடுப்பவன் நான். போன மாதம் ஒரு தங்கச்சி அழாத குறையாக வந்தா. டெங்குவோடு அனுமதிக்கப்பட்ட 40 பேர் எத்தனை நாள் வார்டில் இருந்தார்கள் என்பது அவவின் ஆய்வு. வயது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் வந்தார்கள், முதல் பிளேட்லெட் எண்ணிக்கை என்று மூன்றே மாறிகளை முன்கூட்டியே தெரிந்தெடுத்திருந்தா. "சேகரித்த 20 மாறிகளையும் போட்டு, ஸ்டெப்வைஸ் செய்து, ஏ.ஐ.சி. குறைந்த மாதிரியைத் தரவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏ.ஐ.சி. ஒவ்வொரு மாறிக்கும் 2 புள்ளி தண்டம் விதிக்கிறது. தரவு ஏராளமாக இருந்தால், p ஏறத்தாழ 0.157-க்குக் கீழே உள்ள மாறியை வைத்துக்கொள்வதற்கு அது சமம். அதுவே தாராளம்தான். ஆனால் 40 வரிகளில் 20 மாறிகளோடு பின்னோக்கித் தொடங்கினால், மிஞ்சுவது 19 சுயாதீன அளவுகளே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் படியில் ஒரு மாறி தப்புவதற்கு t-யின் பருமன் 0.99 இருந்தாலே போதும். p என்று சொன்னால் சுமார் 0.34. வாசற்காவலன் தூங்குகிறான்.

தங்கச்சியை நான் செய்யச் சொன்னது இதைத்தான்:

```r
d$y <- sample(d$y)
summary(step(lm(y ~ ., data = d)))
```

வார்டு நாட்களைச் சீட்டுக்கட்டுப் போலக் குலுக்கிவிட்டோம். இப்போது எந்த மாறிக்கும் அதோடு தொடர்பு இருக்க வழியில்லை. இருந்தும் ஒரு முறை ஏழு மாறிகள், அடுத்த முறை எட்டு எனத் தங்கின, சிலதுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு. வியப்பில்லை. வெறும் இரைச்சலில்கூட 20 மாறிகளின் முழு மாதிரி சராசரியாக 20/39, அதாவது 0.51 அளவு R² காட்டும்.

குறைந்த தரவுக்கென்று திருத்திய ஏ.ஐ.சி.சி. இருக்கிறது. மாறிலி, மாறற்றிறன் உட்பட 22 பரமானங்களுக்கு 2×22×23/17, கிட்டத்தட்ட 60 புள்ளி மேலதிகத் தண்டம். அந்த முழு மாதிரியை அது கிட்டவே விடாது. ஆனால் `step` அதைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினாலும், தேடித் தெரிந்தெடுத்தபின் அச்சாகும் p பெறுமானங்களுக்குத் தேடியது தெரியாது. மூன்று மாறிகளை மட்டும் பார்த்தவரைப் போலவே அவை பேசும்.

ஸ்டெப்வைஸை அறவே தடைசெய்யச் சொல்லவில்லை. எதிர்வுகூறல் மட்டும் நோக்கம் என்றால், தெரிவு முழுவதையும் ஒவ்வொரு பூட்ஸ்ட்ராப் தரவுத்தொகுதியிலும் திரும்பச் செய்து காட்டட்டும். எந்த மாறி எத்தனை தடவை வந்தது என்ற அட்டவணையைக் கேளுங்கள். தெரிவை முடித்துவிட்டு, இறுதி மாதிரியை மட்டும் குறுக்குச் சரிபார்ப்பது ஏமாற்று வேலை.

தங்கச்சியின் மூன்று மாறிகளில் வயதின் p 0.21. அதை நீக்கச் சொல்லாமல் அப்படியே அட்டவணையில் இருக்க விடுங்கள். திருத்திய பிரதி வரும் வாரம் உங்கள் கைக்கு வரும்.

பணிவுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தரவுக்காரன்