‘குளிர் நிலை’ லேப்டாப்பின் சூட்டைக் குறைக்கவில்லை: புகார்

அனுப்புநர்:
கல்யாண வீடியோ ஸ்டூடியோ,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வீடியோ கன்வெர்ட்டர் மென்பொருள் நிறுவனம்.

பொருள்: ‘குளிர் நிலை’ வசதி சொன்னபடி வேலை செய்யாதது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறோம். ‘குளிர் நிலை’யை இயக்கினால் நீண்ட என்கோடிங்கிலும் லேப்டாப் சூடாகாது, மற்ற வேலைகளும் தடைபடாது என்று உங்கள் உதவிப் பக்கம் சொல்கிறது. மற்ற வேலைகள் தடைபடுவதில்லை என்பது உண்மைதான். சூடாகாது என்பது உண்மையில்லை.

அந்த வசதி செய்வது ஒன்றே ஒன்று. டாஸ்க் மேனேஜரில் `Details` பக்கம் போய், உங்கள் நிரலின் மீது வலது கிளிக் செய்து `Set priority` பார்த்தால், `Normal` என்றிருந்தது `Below normal` ஆகியிருக்கும். முன்னுரிமை என்பது வரிசையில் யார் முன்னே போவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. எடிட்டிங் நிரலோ பிரவுசரோ கேட்டால் என்கோடர் வழிவிடும். அதனால் மவுஸ் திக்காமல் நகரும். வேறு யாரும் கேட்காத நேரமெல்லாம் பிராசசர் முழுவதையும் என்கோடரே எடுத்துக்கொள்கிறது. பயன்பாடு 100 சதவீதத்திலேயே நிற்கிறது, சூடும் இறங்குவதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப ஃபைல் சிறிதாக வேண்டும் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்பதால் வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்265 என்கோடரைத்தான் நம்பியிருக்கிறோம். 4 கோர், 8 திரெட் கொண்ட லேப்டாப்பில் ஒரே 4கே துண்டை இரு விதமாகவும் ஓட்டிப் பார்த்தோம். அறை வெப்பம் 34 டிகிரி. ‘குளிர் நிலை’ இல்லாமல் 96 டிகிரி. இருந்தபோதும் 96 டிகிரி. இரண்டிலும் தொடக்கத்தில் 3.9 கிகாஹெர்ட்ஸில் ஓடிய பிராசசர், சில நிமிடங்களில் தன்னைக் காத்துக்கொள்ள 2.7-க்கு இறங்கிவிட்டது. குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் சோதித்தால் இது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசசரிலும் கூடும். கடலோரத்தில் உப்புக்காற்றும் தூசியும் ஹீட்சிங்க் தகடுகளில் படிந்துவிடுவதால் இங்கே அந்தக் கூடுதல் இன்னும் உறைக்கிறது.

சூட்டைக் குறைக்க, செய்யும் வேலையையோ அதைச் செய்யும் வேகத்தையோ குறைக்க வேண்டும். எக்ஸ்265-க்கு `pools` என்ற அளவுரு ஏற்கெனவே இருக்கிறது. வேலை செய்யும் திரெட்களின் எண்ணிக்கையை அது கட்டுப்படுத்துகிறது:

```
ffmpeg -i kalyanam.mov -c:v libx265 -crf 22 -x265-params pools=4 -c:a aac out.mp4
```

இப்படி ஓட்டியபோது பயன்பாடு 60 சதவீதத்தை ஒட்டி நின்றது. 4 என்று கொடுத்தும் சரியாகப் பாதியில் நிற்காததற்குக் காரணம், மூல வீடியோவைப் பிரிக்கும் டிகோடரும் ஃபில்டர்களும் இந்தக் கணக்கில் வராதவை. முந்தைய பதிப்பில் கூடுதல் அளவுருக்களை எழுத ஒரு பெட்டி இருந்தது. இதை அங்கேயே எழுதிக்கொண்டோம். புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டீர்கள். எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இப்போதைக்கு, பிராசசரின் வேகத்தைத் தானாக உயர்த்தும் டர்போவை விண்டோஸ் வழியாகவே நிறுத்தி வேலையை ஓட்டுகிறோம்:

```
powercfg /setacvalueindex SCHEME_CURRENT SUB_PROCESSOR PROCTHROTTLEMAX 99
powercfg /setactive SCHEME_CURRENT
```

பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால், பல லேப்டாப்களில் டர்போ நின்றுவிடுகிறது. வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மிக அதிகச் சூட்டைத் தருகின்றன. அதே துண்டு இப்போது 76 டிகிரியில் முடிந்தது. 36 நிமிட வேலை 41 நிமிடம் ஆனது, அவ்வளவே. ஆனால் இந்த அமைப்பு கணினி முழுவதையும் பாதிக்கிறது. என்கோடிங் முடிந்ததும் மறக்காமல் 100-க்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டிங் மந்தமாகும். உங்கள் நிரலுக்குள் செய்ய வேண்டியதை வாடிக்கையாளர் வெளியே செய்துகொண்டிருப்பது சரியில்லை.

நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது தீர்வாகாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நிரலைச் சில நொடி நிறுத்திச் சில நொடி ஓட்டினால் சராசரிப் பயன்பாடு குறையும்; ஆனால் ஓடும் நொடிகளில் டர்போ முழு வேகத்துக்குப் பாய்வதால் சூடும் ஃபேன் சத்தமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எனவே, ‘குளிர் நிலை’யில் திரெட் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் இடம் தாருங்கள், அது எக்ஸ்265-இன் `pools` வரை போய்ச் சேர வேண்டும். அதுவரை அளவுருப் பெட்டியைத் திரும்பக் கொடுங்கள். சூடு குறையும் என்ற வரியை உதவிப் பக்கத்திலிருந்து உடனே நீக்குங்கள். விரைவில் இவை நடக்காவிட்டால், சந்தாவில் மீதமுள்ள காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இரு சோதனைகளின் வெப்பப் பதிவுகளையும் டாஸ்க் மேனேஜர் படங்களையும் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ எடிட்டிங் பிரிவினர்,
கீழக்கரை.