இனிஷியலுக்குப் பின்னாலும் கண் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், பெயரை மட்டும் மாற்றி ஒரே விண்ணப்பத்தை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த அமெரிக்க ஆய்வைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதன் இரண்டு வாக்கியங்கள் உறுத்தின. ஒன்று, 'பாதி நிறுவனங்கள் பாகுபாடு காட்டுகின்றன' என்பது. மற்றொன்று, 'நாம் சாதிப் பெயரை விட்டு இனிஷியலுக்கு வந்துவிட்டதால் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை' என்பது. கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றின் பணியாளர் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விண்ணப்ப உறைகளைப் பிரித்தவன் நான். இரண்டாவது வாக்கியத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

முதலில் அந்த 'பாதி'. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த ஒவ்வொரு வேலை விளம்பரத்துக்கும் பொதுவாக நான்கு விண்ணப்பங்கள் போயின. இரண்டு நல்ல அனுபவமுள்ளவை, இரண்டு சுமாரானவை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு வெள்ளையர் என்று தோன்றும் பெயர், மற்றதற்குக் கறுப்பர் என்று தோன்றும் பெயர். எந்தத் தாளுக்கு எந்தப் பெயர் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்தார்கள். வெள்ளைப் பெயர்களுக்கு 100-க்கு 9.65 அழைப்புகள் வந்தன. கறுப்பினப் பெயர்களுக்கு 6.45. ஒருவர் பத்து விண்ணப்பம் போட்டுப் பெறும் அழைப்பை மற்றவர் பதினைந்து போட்டுத்தான் பெற வேண்டும். கட்டுரையாளர் சொன்ன 50 விழுக்காடு இந்தப் பதினைந்துக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசமே தவிர, நிறுவனங்களின் எண்ணிக்கை அல்ல.

நிறுவனங்களை எண்ணினால் வேறு படம் கிடைக்கிறது. சுமார் 83 விழுக்காடு விளம்பரங்களில் நால்வரில் ஒருவரையும் யாரும் கூப்பிடவில்லை. வெள்ளைப் பெயர்களை அதிகம் அழைத்தவை சுமார் 8.4 விழுக்காடு, கறுப்பினப் பெயர்களை அதிகம் அழைத்தவையும் 3.5 விழுக்காடு இருந்தன. யாரையும் அழைக்காத நிறுவனம் நடுநிலையானதா, அன்றைக்கு ஆள் தேவைப்படவில்லையா என்று இந்தச் சோதனை சொல்லாது. நான்கு விண்ணப்பங்களை வைத்து ஒரு நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஏறத்தாழ ஐயாயிரம் விண்ணப்பங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சந்தை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது.

தனித்தனிப் பெயர்களை ஒப்பிடுவதும் இதே தவறுதான். அந்த ஆய்வின் தலைப்பிலேயே வரும் எமிலிக்கு 7.9 விழுக்காடு அழைப்பு. கறுப்பினப் பெயரான எபனிக்கு 9.6. இன்னொரு கறுப்பினப் பெயரான ஆயிஷாவுக்கோ 2.2 மட்டும். ஒரு பெயருக்குச் சுமார் இருநூறு விண்ணப்பங்களே போயிருக்கும்போது நான்கைந்து தொலைபேசி அழைப்புகள் கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு தாறுமாறாக ஆடும். என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. விண்ணப்பத்தின் தரத்தை உயர்த்தியபோது வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்பு 8.5-இலிருந்து 10.8 ஆக ஏறியது. கறுப்பினப் பெயர்களுக்கு 6.2-இலிருந்து 6.7, அவ்வளவுதான். பெயரைப் பார்த்ததும் மனம் முடிவெடுத்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் அனுபவச் சான்றை யார் படிக்கப்போகிறார்கள்?

இனி நம்மூர்க் கதை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இந்திய ஆங்கில நாளிதழ்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. எல்லாம் தனியார் வேலை. சாதியையோ மதத்தையோ எந்த விண்ணப்பத்திலும் எழுதவில்லை. பெயர் மட்டுமே காட்டிக்கொடுத்தது. ஒத்த தகுதியில், உயர்சாதி இந்துப் பெயருக்கான வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆனால் டெல்லிப் பகுதியில் நடந்து 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வில் மென்பொருள் வேலைகளில் சாதி இடைவெளி தென்படவில்லை. கால்சென்டர் வேலைகளில்தான் தென்பட்டது. வேலைக்கு வேலை விடை மாறுகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த இரண்டு ஆய்வுகளும் குடும்பப் பெயரை நம்பி நடந்தவை. வடக்கே பெயரின் வால் சாதியைச் சொல்லும். 'கே. செந்தில்குமார்' என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான். ஆகவே இங்கே அதே சோதனையை நடத்தினால் இடைவெளி பூஜ்யம் என்றே வரக்கூடும். அந்தப் பூஜ்யத்தை நம்பக் கூடாது என்பதற்கு நான் சாட்சி.

தொண்ணூறுகளில் ஒரு நாள், எழுத்தர் வேலைக்கு வந்த நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்களை மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பெயரில் அவர் விரல் நிற்கவில்லை. தந்தை பெயர், சொந்த ஊர், படித்த பள்ளி என்று கீழே இறங்கியது. ஒரு தாளில் 'அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்றிருந்தது. "ஊர் தொலைவு. தினமும் வந்துபோவது சிரமம்" என்று அதை இடப்பக்கக் கட்டில் போட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் நேர்காணல் கடிதங்களைத் தட்டச்சு செய்யும்போதுதான் கவனித்தேன்: வலப்பக்கக் கட்டில் அதே ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், அதே பஸ்ஸில்தான் அவரும் வந்தாக வேண்டும். மேலாளர் பொய் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய காரணத்தை அவரே நம்பியிருப்பார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து உறையிலிட்டு ஒட்டியவன் நான், எதுவும் கேட்கவில்லை.

ஆகவே இங்கே யாராவது சோதனை நடத்தினால் பெயரை விட்டுவிட்டுப் பள்ளி வரியை மாற்றிப் பார்க்கட்டும். அதிலும் ஒரு சூது இருக்கிறது. நலப் பள்ளி விண்ணப்பத்தைத் தனியார் மெட்ரிக் பள்ளி விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால், வேலை கொடுப்பவர் ஒதுக்கியது சாதியையா, ஏழ்மையையா, ஆங்கிலம் வராது என்ற எண்ணத்தையா என்று பிரிக்க முடியாது. அமெரிக்க ஆய்வின் மேலும் இந்தக் குறை சொல்லப்பட்டது: அதில் வந்த லக்கீஷா என்ற கறுப்பினப் பெயர் நிறத்தோடு குடும்ப வசதியையும் சொல்லிவிடுகிறதே என்று. எனவே அதே ஊரின் சாதாரண அரசு மேல்நிலைப் பள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். மதிப்பெண் ஒன்றாக, தட்டச்சுத் தேர்ச்சி ஒன்றாக, முகவரி ஒரே பஸ் தடத்தில் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு விண்ணப்பம் போட்டுவிட்டு அதன் பெயரை வெளியிட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஆய்வு 108 பெரிய நிறுவனங்களுக்கு 83,000-க்கு மேல் விண்ணப்பங்களை அனுப்பியது. அத்தனை அனுப்பிய பிறகுதான், கறுப்பினத்தவர் இழந்த அழைப்புகளில் ஏறத்தாழ பாதிக்கு ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே காரணம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் செய்தாலும் எட்டுவது முதல் கதவுவரைதான். நேர்காணல் அறைக்குள் "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்களே, அதற்கு எந்த விண்ணப்பச் சோதனையும் எட்டாது. அந்தக் கேள்வியை நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன்.

- ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு எழுத்தர், கோவை