திருத்திய படத்தில் அப்பாவின் முகம் மாறிவிட்டது: மூலப் படத்திலிருந்து மீண்டும் செய்து தரக் கோருதல்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

என் அப்பாவின் படத்தை உங்களிடம் திருத்தக் கொடுத்திருந்தேன். "கருவளையத்தையும் கண் பையையும் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் அப்பா அப்பாவாகவே தெரிய வேண்டும்" என்றுதான் ஆர்டரில் எழுதினேன். வந்த படத்தைப் பார்த்த அம்மா, "உங்கப்பாவுக்குத் தம்பி இருந்தா இப்படித்தான் இருந்திருப்பார்" என்றார்.

முதல் குறை நிறத்தில். அப்பா மாநிறம். கண்ணுக்குக் கீழே அவருக்கு இருப்பது நீலமும் ஊதாவும் கலந்த கருமை. உங்கள் ஆள் வெளிச்சத்தை மட்டும் ஏற்றி அதைப் போக்கப் பார்த்திருக்கிறார். நீலச் சாயல் அப்படியே இருக்க வெளிச்சம் மட்டும் கூடினால், மாநிறத் தோலில் அது சாம்பல் தடவியதுபோலத்தான் தெரியும். அப்படித்தான் ஆகியிருக்கிறது. முதலில் சாயலை மாற்றியிருக்க வேண்டும். கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, 'கலர்' பிளெண்ட் மோடில் வைத்த தனி லேயரில் மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தடவினாலே நீலம் அடங்கிவிடும், வெளிச்சம் மாறாது. அதற்கப்புறமும் இருட்டாகத் தெரிந்தால்தான் கர்வ்ஸில் சற்றுத் தூக்க வேண்டும். கடைசியில் லேயரின் ஒபாசிட்டியைப் பாதி அளவுக்குக் குறைத்தால் கருவளையம் கொஞ்சம் மிச்சமிருக்கும். இருக்கட்டும், அது அவருடையது.

கண் பையில் செய்திருப்பது இதைவிட மோசம். கண் பை கறை இல்லை, மேடு. மேலிருந்து வெளிச்சம் விழும்போது மேட்டுக்கு அடியில் ஒரு நிழல் கோடு விழுகிறது. பையை உப்பலாகக் காட்டுவது அந்தக் கோடுதான். அதை மட்டும் ஒரு படி வெளிச்சமாக்கினால் போதும். நீங்களோ ஹீலிங் பிரஷ்ஷை வைத்து மேட்டோடு சேர்த்துக் கீழ் இமை மடிப்பையும் துடைத்துவிட்டீர்கள். அப்பா சிரிக்கும் படம் இது. சிரித்தால் கன்னம் மேலேறி அந்த மடிப்பு விழத்தான் செய்யும். இப்போது வாய் மட்டும் சிரிக்கிறது, கண் சும்மா பார்க்கிறது. 100% அளவில் வைத்துப் பாருங்கள்: கன்னத்தில் தோலின் நுண்துளைகள் தெரிகின்றன, கண்ணுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று கிடக்கிறது. போதாததற்கு, கன்னத்து மச்சம் நகலாகி இடது கண்ணுக்கு அடியிலும் ஒன்று முளைத்திருக்கிறது! அனுப்புமுன் யாராவது மூலப் படத்தோடு ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் படாமல் போயிருக்காது.

"எஃபெக்டைக் குறைத்து அனுப்புகிறோம்" என்று உங்கள் பிரதிநிதி சொன்னார். லேயர்கள் எல்லாம் ஒன்றாக்கப்பட்ட ஜேபெக்கில் அழிந்துபோன மடிப்பும் தோலின் நயமும் எதைக் குறைத்தாலும் திரும்பாது. அதனால் நான் கொடுத்த மூலப் படத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். நிறத்துக்கு ஒரு லேயர், நிழலுக்கு ஒரு லேயர் என்று பிரித்துச் செய்து, லேயர்களுடன் கூடிய கோப்பையும் அனுப்புங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை நானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன். பிரிண்ட் வேலையை அதுவரை நிறுத்தி வையுங்கள். முடியாது என்றால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்